"முதலில் வரும் 50 பேருக்குப் பாதி விலை": குழுவில் போடும் முன் ஒரு பேச்சு

கேள்வி

எட்டு வருடமாக நானும் என் மனைவியும் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறோம். வாடிக்கையாளர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். 430 பேர் இருக்கிறார்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதி இரண்டாவது கிளை திறக்கிறோம். குழுவில் போட இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "எங்கள் புதிய கிளை திறப்பு விழா! எல்லாக் கண்ணாடிகளுக்கும் பாதி விலை! முதலில் வரும் 50 பேருக்கு! நிபந்தனைகளுக்கு உட்பட்டது." மனைவிக்கு இதில் பயம். கூட்டம் வந்து நம்மால் கொடுக்க முடியாமல் போனால் சண்டைக்கு வருவார்கள் என்கிறாள். விளம்பரம்தானே, ஒப்பந்தம் ஒன்றும் போடவில்லையே, கட்டுப்படியாகாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பழைய ரசீதுகளில் இருக்கும் இன்னும் 600 பேரின் எண்களையும் குழுவில் சேர்த்துவிடலாம் என்கிறான் மகன். சட்டப்படி ஏதாவது சிக்கல் வருமா?

வழக்கறிஞரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. ஆனால் அவர் பயப்படுவது கூட்டத்தைப் பற்றி. நான் பயப்படுவது நீங்கள் எழுதி வைத்திருக்கும் அந்த நான்கு வரிகளைப் பற்றி. கூட்டத்தைச் சமாளித்துவிடலாம். குழுவில் போய்விட்ட வரியை அப்புறம் கல்லாவில் நின்று திருத்த முடியாது. நல்லவேளையாக இன்னும் அனுப்பவில்லை. இப்போதே உட்கார்ந்து சரிசெய்தால் போதும்.

விளம்பரம்தானே என்பது எந்த அளவுக்குச் சரி?

பாதி சரி. கடையில் ஒரு பொருளை விலைச்சீட்டோடு வைப்பதையும், சாதாரணமாக விளம்பரம் கொடுப்பதையும் ஒப்பந்தச் சட்டம் 'வந்து கேளுங்கள்' என்ற அழைப்பாகத்தான் பார்க்கிறது. வாடிக்கையாளர் வந்து 'இதை எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்வதுதான் முன்மொழிவு. அதை ஏற்பதும் மறுப்பதும் கடைக்காரர் கையில். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இதுதான் பொது விதி. நீங்கள் எங்கோ கேள்விப்பட்டதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. உங்கள் செய்தி நேராகப் போய் உட்காருவது அதில்தான். என்ன பொருள், என்ன விலை, எத்தனை பேருக்கு, அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் பேரம் பேச இடமில்லாதபடி விளம்பரத்திலேயே தெளிவாக இருந்தால், அது அழைப்பு அல்ல, வாக்குறுதி. சொன்னதைச் செய்துகொண்டு ஒருவர் வந்து நின்ற அந்த நிமிஷமே ஒப்பந்தம் உருவாகிவிடும். கையெழுத்து தேவையில்லை.

1957-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு உங்கள் நிலைமைக்கு அச்சு அசலாகப் பொருந்தும். 139.50 டாலர் மதிப்புள்ள ஒரு கறுப்பு ரோமத் தோள்துண்டு ஒரே ஒரு டாலருக்கு, முதலில் வருபவருக்கு என்று ஒரு கடை செய்தித்தாளில் விளம்பரம் செய்தது. லெஃப்கோவிட்ஸ் என்பவர் முதல் ஆளாகப் போய் ஒரு டாலரை நீட்டினார். 'இந்தச் சலுகை பெண்களுக்கு மட்டும், இது எங்கள் கடையின் வழக்கம்' என்று சொல்லிக் கடை மறுத்துவிட்டது. விளம்பரத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. வாக்குறுதி தெளிவாக இருக்கிறது, அவர் வந்து ஏற்றுக்கொண்டுவிட்டார், அதற்கப்புறம் புதிய நிபந்தனையைச் சேர்க்க முடியாது என்றது நீதிமன்றம். ஒரு டாலரைக் கழித்து 138.50 டாலர் அவருக்குக் கிடைத்தது.

அதே வழக்கில் இன்னொரு பாதியும் உண்டு. அதற்கு முந்தைய வாரம் அதே கடை '100 டாலர் வரை மதிப்புள்ள' ரோமக் கோட்டுகள் ஒரு டாலருக்கு என்று விளம்பரம் செய்திருந்தது. அதற்கும் அவர்தான் முதலில் போனார், அப்போதும் மறுத்தார்கள். ஆனால் அந்தக் கோட்டுக்கு அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. 'வரை' என்றால் மதிப்பு 10 ஆகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம். அது நிச்சயமில்லை என்றது நீதிமன்றம்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வேண்டுமென்றே மங்கலாக எழுதிவிடலாமே என்று தோன்றலாம். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒப்பந்தச் சட்டம் விட்டுவிட்டாலும் பெரும்பாலான நாடுகளின் நுகர்வோர் சட்டம் விடாது. தவறாக எண்ணவைக்கும் விளம்பரமும், கொடுக்க வழியில்லாமல் ஆளை வரவழைக்கும் விளம்பரமும் தனியே குற்றச்சாட்டுக்கு உரியவை. அங்கே ஒப்பந்தம் உருவானதா என்ற கேள்வியே எழாது. சாதாரண வாடிக்கையாளர் ஒருவர் அதைப் படித்து என்ன நினைத்திருப்பார் என்றுதான் பார்ப்பார்கள்.

'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று போட்டுவிட்டேனே என்பீர்கள். எந்த நிபந்தனை? வாடிக்கையாளருக்குக் காட்டாத நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது. அந்த வார்த்தை அடியில் உள்ள பட்டியலுக்கு ஒரு கைகாட்டி மட்டுமே. உங்கள் செய்தியில் கைகாட்டி இருக்கிறது, அது காட்டும் இடத்தில் ஒன்றுமே இல்லை. சந்தேகம் வரும் வரியை எழுதியவருக்கு எதிராகப் பொருள்கொள்வதும் நீதிமன்றங்களின் வழக்கம். இங்கே எழுதியவர் நீங்கள்.

உங்கள் நான்கு வரிகளை வாடிக்கையாளர் எப்படிப் படிப்பார்?

'எல்லாக் கண்ணாடிகளுக்கும்' என்று எழுதும்போது உங்கள் மனதில் இருந்தது ஃபிரேம் என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடிக் கடைக்காரர்களோடு பேசிப் பழகியதில் ஒன்று கவனித்திருக்கிறேன்: உங்களுக்கு ஃபிரேம் வேறு, லென்ஸ் வேறு, மேற்பூச்சு வேறு. வாடிக்கையாளருக்கு அது ஒரே கண்ணாடி. மூக்கில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் முழுப் பொருளுக்கும் பாதி விலை என்றுதான் அவர் படிப்பார். எந்த நீதிமன்றமும் அப்படித்தான் படிக்கும்.

இதன் விளைவை ஒரு சின்னக் கணக்கில் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் கொள்முதல் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சாதாரணக் கண்ணாடி 100-க்கு விற்கிறது, அதில் ஃபிரேம் 40, லென்ஸ் 60. உங்கள் அடக்கம் ஃபிரேமுக்கு 15, லென்ஸுக்கும் பொருத்துவதற்கும் 30, ஆக 45. வழக்கமாகக் கையில் நிற்பது 55. முழுக் கண்ணாடியையும் பாதி விலைக்குக் கொடுத்தால் வருவது 50, நிற்பது 5. வாடகை, சம்பளம் எல்லாம் அந்த 5-இல்.

அடுத்து, தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் பார்க்கும் புரோகிரசிவ் கண்ணாடி கேட்டு ஒருவர் வருகிறார். ஃபிரேம் 40, லென்ஸ் 160, மொத்தம் 200. அடக்கம் 15-உம் 95-உம் சேர்ந்து 110. பாதி விலை என்றால் 100 வாங்கிக்கொண்டு 110 மதிப்புள்ளதைக் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் 10 நஷ்டம். சாதாரணக் கண்ணாடி வாங்குபவருக்கு மிச்சம் 50 என்றால் இவருக்கு மிச்சம் 100. யார் விடியற்காலையிலேயே வந்து வரிசையில் நிற்பார்? 50 பேரில் 20 பேர் இப்படி வந்தால் போதும்: மற்ற 30 பேரிடம் நிற்கும் 150-ஐ இவர்களால் வரும் 200 நஷ்டம் விழுங்கிவிடும்.

வழக்கறிஞர் ஏன் கணக்குப் பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். என்னிடம் வந்த சலுகைத் தகராறுகள் பலவும் ஏமாற்றும் எண்ணத்தில் தொடங்கியவை அல்ல. பத்தாவது ஆளுக்குக் கொடுக்கும்போது நஷ்டம் கண்ணில் படும். பதினோராவது ஆளிடம் 'இந்த லென்ஸுக்கு இல்லைங்க' என்று வாய் தானாகச் சொல்லிவிடும். 'கடையின் வழக்கம்' என்ற புது நிபந்தனை பிறப்பது அந்த இடத்தில்தான். நஷ்டத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டால் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டிய நிலை வராது.

உங்களுக்கு என் யோசனை: ஃபிரேமுக்கு மட்டும் பாதி விலை என்று வையுங்கள். மேலே சொன்ன சாதாரணக் கண்ணாடி 80-க்குப் போகும், கையில் 35 நிற்கும். புரோகிரசிவ் கண்ணாடி 180-க்குப் போகும், 70 நிற்கும். எந்தக் கண்ணாடி கேட்டு வந்தாலும் முகம் சுளிக்காமல் கொடுக்கலாம். 'ஃபிரேமுக்கு மட்டும், லென்ஸுக்கு வழக்கமான விலை' என்ற வரி மட்டும் 'பாதி விலை' என்ற வரியை ஒட்டி, அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். அடியில் ஒளித்து வைத்தால் மறுபடியும் பழைய சிக்கல்தான்.

'பாதி' என்பது எதில் பாதி என்பதும் கேள்விக்கு வரும். நீங்கள் உண்மையாகவே விற்றுவந்த விலையில் பாதியாக இருக்க வேண்டும். திறப்புக்கு முதல் வாரம் விலைச்சீட்டை ஏற்றிவிட்டு அப்புறம் பாதியாக்குவதை எங்கேயும் மன்னிக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், தள்ளுபடி அறிவிக்கும் கடை பொதுவாக முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். உங்கள் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடையின் போன மாதப் பில்களைத் தனியாக எடுத்து வையுங்கள். யாராவது கேட்டால் அதுதான் சாட்சி.

'முதலில் வரும் 50 பேர்' யார்?

உங்கள் செய்தியில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்த வரி. மற்ற கடைகளுக்கு இது அவ்வளவு பெரிய விஷயமில்லை: வந்தார், எடுத்தார், பணம் கொடுத்தார், முடிந்தது. உங்கள் கடையில் பாதிப் பேருக்காவது கண் பரிசோதனை செய்து பவர் பார்க்க வேண்டும். ஒருவருக்கு 20 நிமிடம் என்று வையுங்கள். பரிசோதிப்பவர் ஒருவர் இருந்தால் மணிக்கு மூன்று பேர், எட்டு மணி நேரம் மூச்சுவிடாமல் பார்த்தாலும் 24 பேர்.

காலை ஒன்பதரைக்கு 60 பேர் வாசலில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாவதாக வந்த பெரியவர் ஒன்றரை மணி வரை காத்திருந்து சலித்துப்போய், 'சாப்பிட்டுவிட்டு வருகிறேன்' என்று கிளம்புகிறார். ஏற்கெனவே கையில் பவர் சீட்டோடு வந்த அறுபதாவது ஆள் நேராக ஃபிரேம் பார்த்து, பில் போட்டு, போய்விடுகிறார். மாலை பெரியவர் திரும்பி வரும்போது 50 முடிந்துவிட்டது. அவர் முதலில் வரவில்லையா? வந்தார். உங்கள் செய்தியில் 'வரும்' என்றுதான் இருக்கிறது, 'வாங்கும்' என்று இல்லை. வாதம் அவர் பக்கம் நிற்கும்.

இதற்கு வழி டோக்கன். திறப்பு நாளன்று நேரில் வரும் முதல் 50 பேருக்கு எண் போட்ட டோக்கன், ஒருவருக்கு ஒன்று. டோக்கன் கையில் வந்ததும் சலுகை அவருக்கு உறுதி. பரிசோதனைக்கு அடுத்த பத்து நாளில் ஒரு நேரம் குறித்துக் கொடுத்துவிடுங்கள். ஆர்டர் கொடுக்க ஒரு கடைசித் தேதி வையுங்கள். லென்ஸ் தயாராகி வர அப்புறமும் நாளாகும் என்பதால், கடைசித் தேதி ஆர்டருக்கா டெலிவரிக்கா என்பதையும் எழுதிவிடுங்கள். 51-வது ஆளிடம் 'டோக்கன் முடிந்துவிட்டது' என்று சொல்லக் கையில் ஒரு அடையாளம் இருக்கும், அவரும் ஏற்றுக்கொள்வார். எத்தனை மணிக்கு முடிந்ததோ அந்த நிமிஷமே குழுவிலும் போட்டுவிடுங்கள். அதைப் பார்த்து வீட்டிலிருந்து கிளம்பாமல் நின்றவர்கள் உங்களை நன்றியோடு நினைத்துக்கொள்வார்கள்.

குழுவில் இருப்பவர்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். 430 பேர் குழுவில் போட்ட செய்தி சாயங்காலத்துக்குள் வேறு குழுக்களுக்குப் போய்விடும். அங்கே படிப்பவருக்கு இது வாடிக்கையாளர் குழுவில் வந்தது என்று தெரியாது. 'எங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று வைப்பதானால் அது செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும், வாசலில் சரிபார்க்கப் பழைய ரசீதோ பதிந்த எண்ணோ கேட்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் எல்லாருக்கும் திறந்தே விடுவேன். புதிய கிளைக்குப் புது முகங்கள்தானே வேண்டும்? பழைய வாடிக்கையாளர் அடுத்த வாரம் முழு விலைக்கு எப்படியும் வாங்கியிருப்பார். இந்தச் செய்தியைப் பார்த்ததும் அவரும் 15-ஆம் தேதி வரை காத்திருப்பார், பழைய கடையில் கல்லா காயும். அதனால் செய்தியை மூன்று வாரம் முன்பே போடாமல், ஐந்தாறு நாள் இருக்கும்போது போடுவது நல்லது. கட்டிட அனுமதி, உரிமம், மின் இணைப்பு எல்லாம் கைக்கு வந்துவிட்டதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

அந்த 600 எண்கள்

உங்கள் மகன் வியாபார ஆர்வத்தில்தான் சொல்கிறார், புரிகிறது. ஆனால் இதை மட்டும் செய்யவே வேண்டாம்.

அவர்கள் எதற்காக எண் கொடுத்தார்கள் என்று யோசியுங்கள். 'கண்ணாடி ரெடியானதும் ஃபோன் பண்ணுங்கள்' என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காரியத்துக்காக வாங்கிய விவரத்தை இன்னொரு காரியத்துக்குச் சம்மதமில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்பது பல நாடுகளின் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களில் அடிப்படை விதி. 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் தொழிலில் இதற்கு இன்னொரு கனம் உண்டு. உங்களிடம் இருப்பது வெறும் எண் அல்ல; அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அவருடைய பவரும் இருக்கிறது. கண்ணின் நிலை உடல்நல விவரம். அதற்குச் சட்டம் கூடுதல் காவல் போடுகிறது. குழு வேலைக்காக ரசீதுப் புத்தகத்தைப் படமெடுத்து ஊழியர்களுக்கு அனுப்புவதுகூட வேண்டாம்.

இரண்டாவது விஷயம் வாட்ஸ்அப் குழுவின் அமைப்பு. சாதாரணக் குழுவில் ஒருவர் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். நிர்வாகி மட்டும் செய்தி போடலாம் என்று மாற்றி வைத்தாலும் உறுப்பினர் பட்டியல் மறைந்துவிடாது. ஒரு முறை ஒரு பெண் என்னிடம் வந்தார். கடை ஒன்று அவரைக் கேட்காமல் குழுவில் சேர்த்திருந்தது. யாரிடமிருந்து விலகி, எண்ணை மாற்றிக்கொண்டு வாழ்ந்தாரோ அந்த நபரும் அதே கடையின் வாடிக்கையாளர், அதே குழுவில் இருந்தார். அன்று இரவே புது எண்ணுக்கு அழைப்பு வந்தது. கடைக்காரர் நல்ல மனிதர். விஷயம் தெரிந்து இடிந்துபோனார். ஆனாலும் அந்த எண்ணைத் திரும்ப ரகசியமாக்க முடியவில்லை.

அந்த 600 பேரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பழைய கடையின் கல்லாவில் குழுவுக்கான அழைப்பு இணைப்பை கியூஆர் குறியாக ஒட்டி வையுங்கள். கண்ணாடி வாங்க வருபவரிடம் 'சலுகைச் செய்தி வேண்டுமென்றால் இதில் சேர்ந்துகொள்ளுங்கள், உங்கள் எண் குழுவில் மற்றவர்களுக்குத் தெரியும்' என்று சொல்லுங்கள். எண் தெரிய வேண்டாம் என்பவர்களுக்குப் பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. அதில் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், யார் யார் இருக்கிறார்கள் என்று மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தன் ஃபோனில் சேமித்து வைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். அது குறையல்ல, ஒருவகையில் சம்மதம் இருக்கிறதா என்று காட்டும் சல்லடை. இப்போதுள்ள 430 பேரிலும் யாரையாவது கேட்காமல் சேர்த்திருந்தால், 'விருப்பமில்லாதவர்கள் தாராளமாக விலகலாம்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

செய்தியை இப்படி எழுதலாம்

மேலே சொன்னதையெல்லாம் வைத்து ஒரு வரைவு தருகிறேன். ஃபோன் திரையில் ஒரே பார்வையில் அடங்க வேண்டும் என்பதால் வரிகளைக் குறைத்திருக்கிறேன்.

> வணக்கம். எங்கள் இரண்டாவது கிளை 15-ஆம் தேதி சனிக்கிழமை காலை 10 மணிக்குத் திறக்கிறது. (முகவரி)
>
> திறப்பு நாள் சலுகை: ஃபிரேமுக்குப் பாதி விலை. லென்ஸுக்கு வழக்கமான விலை.
>
> அன்று புதிய கிளைக்கு நேரில் வரும் முதல் 50 பேருக்கு டோக்கன் தருவோம். ஒருவருக்கு ஒரு டோக்கன், ஒரு ஃபிரேம். யார் வேண்டுமானாலும் வரலாம்.
>
> டோக்கன் பெற்றவர்கள் 25-ஆம் தேதி மாலைக்குள் புதிய கிளையில் ஆர்டர் கொடுத்தால் போதும். கண் பரிசோதனைக்கு அன்றே நேரம் குறித்துத் தருவோம். பழைய கடையில் இந்தச் சலுகை இல்லை.
>
> டோக்கன் முடிந்ததும் இங்கே தெரிவிப்போம். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் கேளுங்கள்.

இதில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' இல்லை. நிபந்தனை எல்லாமே உள்ளே வந்துவிட்டதால் அந்த வார்த்தைக்கு வேலை இல்லை. ஏதாவது குறிப்பிட்ட வகை ஃபிரேமுக்குச் சலுகை தர முடியாது என்றால் அதையும் பெயர் சொல்லிச் சேருங்கள். 'சில வகைகள் நீங்கலாக' என்று எழுதாதீர்கள். படமாக வடிவமைத்து அனுப்புவதானால் இந்த எழுத்து முழுவதும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். படத்தில் 'பாதி விலை', கீழே எழுத்தில் மற்றதெல்லாம் என்று பிரித்துவிட்டால், மற்ற குழுக்களுக்குப் படம் மட்டும் போய்ச் சேரக்கூடும். வாசலில் வந்து நிற்பவர் அதைத்தான் காட்டுவார்.

அனுப்பியபின் தவறு தெரிந்தால்

வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் எழுத்தைத் திருத்தலாம். எல்லாருக்கும் அழிக்க ஏறக்குறைய இரண்டு நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் மற்றவர்கள் வேறு இடங்களுக்கு அனுப்பியது அழியாது, எடுத்த ஸ்கிரீன்ஷாட்டும் அழியாது. சத்தமில்லாமல் அழித்துவிட்டு வேறு செய்தி போடுவதுதான் மிக மோசமான வழி. முதல் செய்தியைப் பார்த்தவர் கையில் அதன் படம் இருக்கும், உங்களிடம் விளக்கம் இருக்காது.

பொதுவில் கொடுத்த வாக்குறுதியைத் திரும்பப் பெற முடியும் என்பது சட்டத்திலும் உண்டு. லிங்கன் கொலைக்குப் பிறகு 1865 ஏப்ரலில், அந்தச் சதியில் தேடப்பட்ட ஜான் சர்ராட் என்பவரைப் பிடிப்பவருக்கு 25,000 டாலர் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அதே வருடம் நவம்பரில் அந்த அறிவிப்பை ரத்து செய்துவிட்டது. ரத்தானது தெரியாமல் 1866-இல் ஒருவர் சர்ராட்டை இத்தாலியில் அடையாளம் காட்டினார். அந்த வெகுமதி அவருக்குச் சேராது என்று 1875-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று: வாக்குறுதி எந்த வழியில், எவ்வளவு பரவலாகச் சொல்லப்பட்டதோ, அதே வழியில் அதே அளவு பரவலாக ரத்தும் சொல்லப்பட்டிருந்தது.

உங்களுக்கு இதன் பொருள் எளிது. குழுவில் சொன்னதைக் குழுவிலேயே திருத்துங்கள், அதே அளவு கண்ணில் படும்படி. 'நேற்று 11 மணிக்குப் போட்ட செய்தியில் எல்லாக் கண்ணாடிகளுக்கும் என்று தவறாக வந்துவிட்டது. சலுகை ஃபிரேமுக்கு மட்டும். மன்னிக்கவும்' என்று தேதி நேரத்தோடு எழுதுங்கள். கடை வாசலிலும் அதே தாளை ஒட்டுங்கள். திருத்தம் போடும் முன்பே டோக்கன் வாங்கியவருக்கோ முன்பணம் கட்டியவருக்கோ முதலில் சொன்னபடியே கொடுத்துவிடுங்கள். அவர்கள் விஷயத்தில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. திருத்தத்தைப் பார்க்காமல் பழைய படத்தோடு வருபவர் ஒன்றிரண்டு பேர் நிச்சயம் இருப்பார்கள். சட்டப்படி அவரோடு வாதாட உங்களுக்கு இடம் இருக்கலாம். திறப்பு நாள் வாசலில் அந்த வாதத்தைத் தொடங்காதீர்கள். அப்படி ஐந்து பேருக்குக் கொடுக்கக் கொஞ்சம் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

திறப்பு தேதி தள்ளிப்போனாலும் இதே முறைதான். முந்தைய நாள் இரவு பத்து மணிக்குச் சொன்னால் காலையில் பஸ் ஏறிவிட்ட ஆள் வாசலில் நிற்பார். அவர் பெயரையும் எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, முதல் டோக்கன்களை அவர்களுக்கே கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. வரைவை உங்கள் மனைவியிடம் கொடுத்து, பதினைந்தாவதாக வந்து சாப்பிடப் போன அந்தப் பெரியவராகவும், பழைய படத்தோடு வருபவராகவும் இருந்து படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். டோக்கன் கொடுக்கும் மேஜையிலும் அவரையே உட்கார வையுங்கள். டோக்கன் எண், பெயரும் ஃபோன் எண்ணும், வந்த நேரம், பரிசோதனைக்குக் குறித்த நேரம் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். அந்த நோட்டை 25-ஆம் தேதிக்கு அப்புறமும் சில மாதம் பத்திரமாக வைத்திருங்கள். அதில் இருக்கும் ஃபோன் எண்களை, கேட்காமல் குழுவில் சேர்த்துவிட வேண்டாம் என்று மகனிடமும் சொல்லிவையுங்கள்.